-250 நிமிடத்துக்கு மணி என்ன? மைனஸ் எண்ணின் மீதியில் பைத்தானும் சியும் பிரியும் இடம்

இங்கே அதிகாலை 1:20. இதே நொடியில் யூடிசி நேரம் என்ன? இந்தியாவின் கடிகாரமும் இலங்கையின் கடிகாரமும் யூடிசியை விட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகின்றன. எனவே 1:20-லிருந்து ஐந்தரை மணி நேரம் பின்னால் போக வேண்டும். விரல் விட்டே சொல்லிவிடலாம்: முந்தைய நாள் மாலை 7:50, அதாவது 19:50.

இதைப் புரோகிராமாக எழுதப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. நேரத்தை நள்ளிரவிலிருந்து கடந்த நிமிடங்களாக மாற்றிக்கொள்வோம். 1:20 என்றால் 80 நிமிடம். ஐந்தரை மணி என்றால் 330 நிமிடம். கழித்தால் -250. இதை 60-ஆல் வகுத்தால் ஈவு மணி, மீதி நிமிடம். பைத்தானில் இப்படி:

```python
t = 80 - 330
print(t // 60 % 24, t % 60)
```

`19 50` என்று வருகிறது. சரி. அதே கணக்கு, அதே வரிசையில், சி மொழியில்:

```c
int t = 80 - 330;
printf("%d %d\n", t / 60 % 24, t % 60);
```

இது `-4 -10` என்கிறது. மைனஸ் நாலு மணி மைனஸ் பத்து நிமிடம்! கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை.

நான் இதில் மாட்டியது இப்படித்தான். பைத்தானில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு நேரக் கணக்கை சிக்கு மாற்றி எழுதினேன். காலை பதினொரு மணிக்குச் சோதித்தேன், சரியாக வந்தது. மதியமும் வந்தது. கணக்கு மைனஸுக்குப் போவது நம் ஊர் நேரம் 00:00 முதல் 05:29 வரை மட்டும்தான். அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன், தப்பு மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பதிவுகளைப் பார்த்தபோதுதான் அதிகாலை வரிகளில் எல்லாம் மைனஸ் எண்கள் தெரிந்தன.

முதலில் ஒரு காகிதக் கடிகாரம்

மொழிகளை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளில் வட்டம் போடுங்கள். சுற்றிலும் 0 முதல் 11 வரை எழுதுங்கள். வழக்கமாக 12 இருக்கும் இடத்தில் 0 போடுவது முக்கியம். 12-ஆல் வகுத்தால் மீதி ஒருபோதும் 12 ஆகாது. 0 தொடங்கி 11 வரைதான் வரும்.

இப்போது முள்ளை 3-இல் வைத்து ஐந்து மணி பின்னால் தள்ளுங்கள். 2, 1, 0, 11, 10. பத்தில் நிற்கிறது. கணக்கில் இது 3 - 5 = -2. அப்படியானால் வட்டத்தில் -2 என்பதும் 10 என்பதும் ஒரே இடம். -14 என்பதும் அதே இடம்தான், ஒரு சுற்று கூடுதல், அவ்வளவே. -2, 10, 22 என்று 12 கூட்டக்கூட்ட முள் அதே இடத்துக்குத் திரும்புகிறது.

இதை இரண்டு மொழியிலும் தட்டிப் பாருங்கள். `(3 - 5) % 12` என்பதற்குப் பைத்தான் 10 தருகிறது, சி -2 தருகிறது. இரண்டும் வட்டத்தில் ஒரே இடத்தைத்தான் சொல்கின்றன. பைத்தான் முகப்பில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்கிறது. சி, "உச்சியிலிருந்து இரண்டு அடி பின்னால்" என்கிறது.

இங்கே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. அடைப்புக்குறியை விட்டுவிட்டு `3 - 5 % 12` என்று தட்டினால் பைத்தானும் -2 தான் தரும். `%` பெருக்கல், வகுத்தல் போலக் கழித்தலுக்கு முன்பே நடந்துவிடும்; முதலில் 5 % 12 = 5, பிறகு 3 - 5. "எனக்குப் பைத்தானிலும் -2 தான் வருகிறது" என்று யாராவது சொன்னால் முதலில் அடைப்புக்குறியைத் தேடுங்கள்.

பள்ளிக்கூடத்துச் சூத்திரத்துக்குப் போவோம்

இரண்டில் ஒரு மொழி தப்பு செய்கிறது என்று தோன்றலாம். இல்லை. பள்ளியில் படித்தது நினைவிருக்கும்:

வகுபடும் எண் = வகுக்கும் எண் × ஈவு + மீதி

முழு எண் கணக்கில் இரண்டு மொழிகளுமே இந்தச் சூத்திரத்தை மீறுவதில்லை. சண்டை மீதியில் தொடங்கவும் இல்லை. அது ஈவில் தொடங்குகிறது. -250-ஐ 60-ஆல் வகுத்தால் -4.1666… வரும். இதை முழு எண்ணாக்க எண் கோட்டில் எந்தப் பக்கம் நகர்வது?

பைத்தானின் `//` எப்போதும் கீழே, அதாவது எண் கோட்டில் இடப்பக்கம் போகும். -4.16-க்குக் கீழே இருக்கும் முழு எண் -5. இதைச் சூத்திரத்தில் போட்டால் 60 × (-5) = -300. -300-லிருந்து -250-க்கு வர 50 கூட்ட வேண்டும். மீதி 50.

சியின் `/` பூச்சியத்தை நோக்கிப் போகும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு -4 என்கிறது. 60 × (-4) = -240. அங்கிருந்து -250-க்கு வர -10 வேண்டும். மீதி -10.

எனவே சியின் `-4 -10` பிதற்றல் இல்லை. நள்ளிரவுக்கு 4 மணி 10 நிமிடம் முன்னால் என்று பொருள். பைத்தானுடைய ஈவு -5, மீதி 50. நள்ளிரவிலிருந்து ஐந்து மணி பின்னால் போனால் 19:00, அங்கிருந்து 50 நிமிடம் முன்னால் வந்தால் 19:50. கடிகாரம் மணியைப் பின்னாலிருந்து எண்ணினாலும் நிமிடத்தை எப்போதும் முன்னோக்கித்தான் காட்டும். அதனால்தான் கடிகாரக் கணக்குக்குப் பைத்தானின் வழி பொருந்திவிடுகிறது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் இந்தத் தேர்வை விளக்கும்போதும் நேரக் கணக்கையே உதாரணம் காட்டியிருக்கிறார். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் முறையில் 86400-ஆல் வகுத்த மீதி அன்றைய நேரம். 1970-க்கு முந்தைய நாட்களுக்கு எண் மைனஸ் ஆகும்போதும் இதே விதி பொருந்த வேண்டும் என்பது அவர் வாதம்.

சி பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 1989-இல் வந்த தரத்தில், மைனஸ் எண் கலந்த வகுத்தலை எந்தப் பக்கம் வெட்டுவது என்பதை அந்தந்தக் கம்பைலரின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். இயந்திரத்துக்கு எது வேகமோ அப்படிச் செய்துகொள்ளட்டும் என்பது எண்ணம். 1999-ஆம் ஆண்டுத் தரம்தான் பூச்சியத்தை நோக்கி என்று உறுதி செய்தது. ஃபோர்ட்ரானும் முன்பிருந்தே அப்படித்தான். எனவே மிகப் பழைய சிப் புத்தகங்களில் "விடை மாறலாம்" என்று படித்தால் அது அந்தக் காலத்துக்குச் சரி.

குறியை நினைவில் வைக்க ஒரு எளிய வழி: பைத்தானில் மீதியின் குறி வகுக்கும் எண்ணைப் பின்பற்றும், சியில் வகுபடும் எண்ணைப் பின்பற்றும். 60-ஆல் வகுத்தால் பைத்தானில் மீதி மைனஸ் ஆகவே ஆகாது. வகுக்கும் எண்ணே மைனஸாக இருந்தால் கதை திரும்பும்: `7 % -12` பைத்தானில் -5, சியில் 7. கடிகாரத்தில் இதற்கு வேலை இல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ ஆகியவை சியின் கட்சி. ரூபி பைத்தானின் கட்சி.

சியில் கடிகாரத்தைச் சரியாகச் சுற்ற வைப்பது

முதல் முயற்சியாக எல்லோருக்கும் தோன்றுவது, கழித்த பிறகு ஒரு நாளைக் கூட்டிவிடுவது. ஒரு நாளுக்கு 1440 நிமிடம். `(t + 1440) % 1440` என்று எழுதினால் -250 + 1440 = 1190. 1190-ஐ 60-ஆல் வகுத்தால் 19, மீதி 50. சரியான விடை.

ஆனால் இது ஒரு நாளுக்கு மேல் பின்னால் போகாத வரைதான். 1:20-லிருந்து 3000 நிமிடம் பின்னால் போகச் சொல்லுங்கள். 80 - 3000 = -2920. 1440 கூட்டினால் -1480, இன்னும் மைனஸ்தான். சியில் அதன் மீதி -40. மறுபடி பழைய கதை.

இதற்கு முதலில் மீதி எடுத்து, அது மைனஸாக இருந்தால் மட்டும் ஒரு சுற்று கூட்ட வேண்டும்:

```c
int mod(int t, int m) {
    int r = t % m;
    if (r < 0) r += m;
    return r;
}
```

-2920 கொடுத்தால் `t % m` -40 தரும், அதோடு 1440 சேர்ந்து 1400 ஆகும், அது 23:20. பைத்தானில் `-2920 % 1440` தட்டினாலும் 1400 தான். சிலர் இதையே `((t % m) + m) % m` என்று ஒரே வரியில் எழுதுவார்கள். விடை ஒன்றுதான். எனக்கு `if` போட்டதுதான் பிடிக்கும், ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும்.

அந்த `if`-இல் சோதிப்பது `r`-ஐ, `t`-ஐ அல்ல. இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். "t மைனஸாக இருந்தால் m கூட்டு" என்று எழுதினாலும் -250-க்குச் சரியாக வரும், -2920-க்கும் வரும். ஆனால் t சரியாக -1440 என்றால்? மீதி 0, அதில் 1440 கூட்டினால் 1440. திரையில் `24:00` வரும். இருபத்து நாலு மணி என்று ஒரு நேரம் நம் கடிகார முகப்பில் இல்லை. அரேயில் இடம் தேட இந்த எண்ணைப் பயன்படுத்தினால் எல்லை தாண்டிவிடும். ஒரு நாள் முழுக்கப் பின்னால் போகும்போது மட்டுமே தலைகாட்டுவதால் இந்தத் தப்பு நீண்ட நாள் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று: மணியையும் நிமிடத்தையும் தனித்தனியே சரி செய்யப் பார்க்காதீர்கள். `-4 -10` வந்ததும் -4-உடன் 24, -10-உடன் 60 கூட்டினால் 20:50 வரும். பார்ப்பதற்கு நல்ல நேரம் போலவே இருக்கும், ஆனால் ஒரு மணி நேரம் கூடுதல். நிமிடத்துக்கு 60 கடன் வாங்கினால் மணியில் ஒன்று குறைய வேண்டும், அதை யாரும் குறைக்கவில்லை. முதலில் மொத்த நிமிடத்தையும் 0–1439 எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு 60-ஆல் பிரியுங்கள். அப்போது மைனஸே இருக்காது, எந்த மொழியில் வகுத்தாலும் ஒரே விடை:

```c
int r = mod(t, 1440);
int day = (t - r) / 1440;
printf("%d %02d:%02d\n", day, r / 60, r % 60);
```

t -250 ஆக இருந்தால் இது `-1 19:50` என்று எழுதும். -1 என்றால் நேற்று. `day`-க்கு நேராக `t / 1440` போடாததற்குக் காரணம் இருக்கிறது. சியில் -250 / 1440 என்பது 0, அதாவது "இன்றைக்கே" என்று ஆகிவிடும். நேரம் சரி, தேதி தப்பு. `t - r` எடுத்தால் -250 - 1190 = -1440, மிச்சமில்லாமல் வகுபடும்; எந்தப் பக்கம் வெட்டுவது என்ற கேள்வியே எழாது. பைத்தானில் `t // 1440` என்றாலே -1 வந்துவிடும்.

சோதித்துப் பார்க்க ஐந்து எண்கள்

1440-ஐ வைத்து எழுதிய எந்தக் கடிகாரத்துக்கும் -1441, -1440, -1, 0, 1440 ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள். விடை முறையே 1439, 0, 1439, 0, 0 என்று வர வேண்டும். மைனஸ் விடை எங்காவது வந்தால் மீதியைத் திருத்தவே இல்லை. -1-க்குச் சரியாக வந்து -1441-க்கு மட்டும் மைனஸ் வந்தால், ஒரே ஒரு நாளை முன்கூட்டியே கூட்டும் முதல் முயற்சியில் நிற்கிறீர்கள். -1440-க்கு 1440 வந்தால் `r`-க்குப் பதில் `t`-ஐச் சோதித்திருக்கிறீர்கள்.

மைனஸே தெரியாமல் தப்பு வருவது

சியில் இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஒரு நாளின் நிமிடங்கள் மைனஸ் ஆகாதே என்று நினைத்து யாரோ `unsigned int m = 1440;` என்று அறிவித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். `t` சாதாரண `int`, மதிப்பு -250. இப்போது `t % m` என்றால், வகுப்பதற்கு முன்பே சி அந்த -250-ஐயும் குறி இல்லாத எண்ணாக மாற்றிவிடும். 32 பிட்டில் அது 4294967046. அதை 1440-ஆல் வகுத்தால் மீதி 6.

திரையில் `00:06`. மைனஸ் இல்லை, எல்லைக்குள் இருக்கிறது, ஒழுங்கான நேரம் போலத் தோன்றுகிறது. மேலே எழுதிய `if (r < 0)` சோதனையும் இதைப் பிடிக்காது. அதனால்தான் `mod` ஃபங்ஷனில் இரண்டையும் `int` என்றே வைத்தேன். `m` குறி இல்லாத எண்ணாக வந்தாலும் உள்ளே நுழையும்போதே `int` ஆகிவிடும், 1440 போன்ற சின்ன எண்ணுக்கு அதில் சேதம் இல்லை. `sizeof` தருவதும் குறி இல்லாத எண்தான் என்பதால், அரேயின் நீளத்தை அதில் கணக்கிட்டு அப்படியே `%` போடுகிறவர்களும் இதே குழியில் விழுவார்கள். ஜிசிசியில் `-Wsign-compare` ஒப்பிடுதலுக்குத்தான் குரல் கொடுக்கும். இதற்கு `-Wsign-conversion` என்பதையும் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள், அந்த வரியைச் சுட்டிக்காட்டும்.

எதிர்த்திசையில் வருபவர்களுக்கு

சியிலிருந்து பைத்தானுக்கு வருபவருக்கும் ஒரு அடி காத்திருக்கிறது. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கடைசியிலிருந்து பிரித்தெடுக்கும் பழைய லூப் எல்லோருக்கும் தெரியும்: 10-ஆல் மீதி எடு, 10-ஆல் வகு, பூச்சியம் வரும் வரை செய். சியில் -123 கொடுத்தால் -3, -2, -1 என்று எடுத்துவிட்டு நிற்கும். அதையே வரி மாறாமல் பைத்தானுக்குக் கொண்டுவந்தால்:

```python
n = -123
while n != 0:
    print(n % 10)
    n = n // 10
```

7, 7, 8 என்று தொடங்கி, அப்புறம் 9, 9, 9 என்று முடிவே இல்லாமல் ஓடும். -123-க்கு அடுத்து -13, பிறகு -2, பிறகு -1. அந்த -1-ஐ 10-ஆல் வகுத்துக் கீழ்ப்பக்கம் போனால் மறுபடி -1. பூச்சியத்தை அது எட்டவே எட்டாது. கண்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள்.

இங்கே நமக்கு வேண்டியது சியின் வழி. `math.fmod(-123, 10)` சியைப் போலவே -3.0 தரும், ஆனால் அது தசம எண். எண் மிகப் பெரிதானால் கடைசி இலக்கங்கள் தேய்ந்துபோகும். முழு எண்ணாகவே வேண்டுமென்றால் குறியை முதலில் கழற்றி வைத்துவிட்டு `abs(n)`-இல் லூப்பை ஓட்டி, முடிவில் குறியைத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். மைனஸ் இல்லாத எண்களில் இரண்டு மொழிக்கும் எந்தத் தகராறும் இல்லை.